பிரிக்காத கடித உறைகள்: கடன், வெட்கம், 'புரபோசல்' பற்றிச் சில விளக்கங்கள்

மார்ச், ஏப்ரல் மாதங்களில் வருமானவரிக் கணக்குச் செய்ய வருபவர்களில் ஒரு சிலர் ரி-ஃபோர் படிவத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையையும் கொண்டுவருவார்கள். பைக்குள் வங்கிக் கடிதங்கள், கடனட்டைக் கடிதங்கள், வரித் திணைக்களத்தின் மண்ணிற உறைகள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். பாதிக்கு மேல் பிரிக்கப்பட்டிருக்காது. "அண்ணை, இதுக்குள்ள வரிக்குத் தேவையானது ஏதும் இருக்கோ எண்டு பாருங்கோ" என்று பையை மேசையில் வைப்பார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கும்போது எதிரே இருப்பவர் என் கையைப் பார்க்க மாட்டார், யன்னலைப் பார்ப்பார். பிறகு அநேகமாக ஒரே வசனம்தான் வரும்: "வீட்டில தெரியாது."

இதற்கு முன் ஈட்டி, பிறகு கனடாவில் இத்தனை வருடமாகக் கணக்கு எழுதி நான் கண்டது இதுதான். கணக்கு உடைகிற நாள் வேறு, அதை இன்னொருவரிடம் வாய் திறந்து சொல்லுகிற நாள் வேறு. இரண்டுக்கும் நடுவே இரண்டு, மூன்று வருடம் ஓடிவிடுகிறது. கடன் பெருகுவதும், மனம் தேய்வதும், தீர்க்கக்கூடிய வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுவதும் அந்த இடைவெளியில்தான். அதில் என்ன நடக்கிறது என்பதை ஒரு குடும்பத்தின் கணக்கை வைத்துச் சொல்கிறேன். பல வீடுகளின் கதையைக் கலந்து செய்த உதாரணம் இது, யாரையும் தேட வேண்டாம்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது, ஸ்காபரோவில் தொழிற்சாலை வேலை, மாலையில் உணவு விநியோகம். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் பகுதிநேர வேலை. 2021இல் வீடு வாங்கினார்கள். மோட்கேஜ் 600,000 டொலர், மாறும் வட்டி, அப்போது ஏறக்குறைய 1.5 வீதம். மாதக் கட்டணம் 2,400 டொலர். கனடா மத்திய வங்கி 2022 மார்ச்சில் 0.25 வீதத்திலிருந்து ஏற்றத் தொடங்கி 2023 ஜூலையில் 5 வீதத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அவருடைய மாதக் கட்டணம் 3,800 டொலர் ஆயிற்று. சம்பளம் அப்படியே இருந்தது. மாதம் 1,400 டொலர் துண்டு விழுந்தது.

அன்றைக்கே கணக்கு உடைந்துவிட்டது. ஆனால் வெளியில் எதுவும் தெரியவில்லை, ஏனென்றால் பலசரக்கு, பெற்றோல், காப்புறுதி எல்லாம் கடனட்டைக்குப் போயின. மூத்த மகளின் சாமத்திய வீடு முன்பே மண்டபம் பதிவு செய்தபடி நடந்தது. "சுருக்கமாச் செய்வம்" என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே! இருபது பேர் சேர்ந்த இருபதாயிரம் டொலர் சீட்டொன்றில் மூன்றாம் மாதமே 5,000 கழிவு விட்டு 15,000 எடுத்தார். மற்றவர்கள் விடும் கழிவில் அவருக்கும் சிறு பங்கு உண்டுதான், அதை இங்கே விட்டுவிடுகிறேன். எடுத்த காசு மண்டபத்துக்கும் கடனட்டைகளின் குறைந்தபட்சக் கட்டணங்களுக்கும் போயிற்று. மாதம் 1,000 டொலர் சீட்டுக்காசு என்ற புதிய சுமை வந்து சேர்ந்தது.

அவர் பையைக் கொண்டுவந்த அன்று நான் கூட்டிப் பார்த்தது இது. நான்கு கடனட்டைகளில் 46,000, வங்கிக் கடன்வரியில் 22,000, உணவு விநியோக வருமானத்துக்குக் கட்டாமல் விட்ட வரி 7,000, சீட்டில் மீதி 9,000. மொத்தம் 84,000 டொலர், வீட்டு மோட்கேஜ் இதற்குள் இல்லை. கடனட்டை வட்டி 19.99 வீதம். 46,000க்கு மாத வட்டி மட்டும் 765 டொலர் வரை வரும். அவர் எல்லா அட்டைகளுக்கும் சேர்த்துக் கட்டிய குறைந்தபட்சத் தொகை இதைவிடக் கொஞ்சம்தான் கூட. அதே மாதம் அதே அட்டையில் சாமான் வாங்கியதால் முதல் குறையவே இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையில் காசு வந்தால் அவர் முதலில் கட்டியது சீட்டுக்கு. சீட்டுப் பிடிக்கிற அக்கா ஒரே ஊர், கோயிலில் காண்கிற ஆள். அடுத்தது மச்சானிடம் வாங்கிய கைமாத்து, அது அடைந்துவிட்டது. பிறகு மோட்கேஜ், பிறகு கடனட்டை. வரித் திணைக்களத்தின் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. சட்டப்படி பார்த்தால் இந்த ஒழுங்கு தலைகீழ். ஒரு கடனட்டை நிறுவனம் சம்பளத்தில் கைவைக்க வேண்டுமென்றால் வழக்குப் போட்டுத் தீர்ப்பு எடுக்க வேண்டும். எடுத்தாலும் ஒன்ராறியோவில் பொதுவாகக் கைக்கு வரும் சம்பளத்தின் 20 வீதம்தான் பிடிக்கலாம். வரித் திணைக்களத்துக்கு நீதிமன்றமே தேவையில்லை, நேரே வேலைத்தலத்துக்கும் வங்கிக்கும் அறிவித்தல் அனுப்பலாம். வீட்டின் மேல் பதிவு வைத்துவிட்டால் நான் பின்னால் சொல்லப்போகும் வழியாலும் அந்தப் பதிவை இலகுவில் அகற்ற முடியாது. எந்தக் கடனை முதலில் கட்டுவது என்பதை வட்டியும் தீர்மானிக்கவில்லை, ஆபத்தும் தீர்மானிக்கவில்லை. யாருடைய முகத்தில் முழிக்க வேண்டும் என்பதுதான் தீர்மானித்தது.

படித்த மனுசன், கணக்குத் தெரியாதா என்று வெளியில் நின்று கேட்பது சுலபம். இதற்கு ஒரு நல்ல ஆய்வு எங்கள் பக்கத்து மண்ணிலேயே நடந்திருக்கிறது. தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கரும்பு பயிரிடும் 464 சிறு விவசாயிகளை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஷாவ் ஆகிய நால்வரும் 2013இல் 'சயன்ஸ்' இதழில் அதை வெளியிட்டார்கள். கரும்புக்காரருக்கு வருடத்தில் ஒரு முறைதான் பெரிய காசு வரும். அறுவடைக்கு முந்திய மாதங்களில் கை வறண்டிருக்கும். அந்த நாட்களில் நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பிறகு அது நூற்றுக்கு 4 பேர்தான். அதே மனிதருக்கு அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒரேவகையான புதிர்களைக் கொடுத்தபோது, முன்னர் செய்தது தெளிவாக மோசமாக இருந்தது. ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை. காசு நெருக்கடி தலைக்குள் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் மற்ற யோசனைக்கு இடம் குறைந்துவிட்டது என்பதே அவர்களின் விளக்கம்.

அந்த ஆய்வு நெருக்கடியைத்தான் அளந்தது, வெட்கத்தை அளக்கவில்லை. விழுப்புரத்தில் அறுவடைக்கு முன் அடகு வைப்பது ஊர் முழுவதும் செய்கிற காரியம், ஒளிக்க வேண்டியதில்லை. எங்களுக்கு ஒளிக்கிற வேலையும் சேர்ந்துவிடுகிறது. எந்தத் திகதியில் எந்த அட்டை என்பதோடு, யாருக்கு என்ன பொய் சொன்னேன் என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். தெரியாத இலக்கம் அடித்தால் வயிறு இறுகும். தபால் வரும் நேரத்தில் மனைவிக்கு முன் பெட்டிக்குப் போக வேண்டும். கொண்டாட்டத்துக்குப் போனால் உறையில் குறைந்தது நூறு வைக்க வேண்டும் என்பதால் "வேலை" என்று சொல்லி நிற்பது, பிறகு அழைப்புகளே குறைவது, பிறகு "அவர் இப்ப பெருமை பிடிச்சிட்டார்" என்று பேச்சு வருவது. இரவு இரண்டு மணிக்கு எழும்பித் தொலைபேசியில் மீதியைப் பார்ப்பது. குடும்ப வைத்தியரிடம் போனால் வயிற்றெரிவு, பிரஷர், தலையிடி என்றுதான் சொல்வார்கள். கடன் என்ற சொல் அங்கே வராது. வைத்தியரும் மருந்தைத்தான் கூட்டுவார். உங்கள் வைத்தியரிடம் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிடுங்கள். நித்திரைக் குளிசை கொடுப்பதா வேறு உதவிக்கு அனுப்புவதா என்பதை அது மாற்றும்.

இந்த நிலையில் இருப்பவர் செய்கிற பிழைகள் சிறிதாகத் தொடங்கும். கையில் காசு இருந்தும் திகதியை மறந்து தாமதக் கட்டணம் கட்டுவார். பிறகு பெரிய பிழை ஒன்று வரும். எங்கள் ஆட்களிடம் நான் அதிகம் கண்டது இரண்டாம் மோட்கேஜ். தனியாரிடம் 12 வீதத்துக்கோ அதற்கு மேலோ, தரகுக்கும் சட்டத்தரணிக்கும் பல ஆயிரம் கழித்து, கடனட்டைகளை ஒரேயடியாக அடைப்பார்கள். ஒரு மாதம் நிம்மதி. ஆனால் கடனட்டைக் கடன் ஈடில்லாத கடன், சட்டம் அதைக் குறைக்க வழி வைத்திருக்கிறது. அதைத் தூக்கி வீட்டின் மேல் வைத்த பிறகு அந்த வழி போய்விடும். கட்டத் தவறினால் வீடே போகும். எங்கள் உதாரணக் குடும்பத்தவரும் ஒரு தரகரின் பத்திரத்தில் கையெழுத்து வைக்க நாள் குறித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார்.

அந்த வழியின் பெயர் கொன்சியூமர் புரபோசல். கனடாவின் திவால், வங்குரோத்துச் சட்டத்துக்குள் இருக்கிறது, ஆனால் திவால் அல்ல. உங்கள் வீட்டு மோட்கேஜைத் தவிர்த்து மொத்தக் கடன் 250,000 டொலருக்கு உட்பட்டிருந்தால், 'என்னால் இவ்வளவுதான் கட்ட முடியும், இத்தனை மாதத்தில் கட்டுகிறேன்' என்று கடன்காரர் எல்லோருக்கும் ஒரே முறையில் சட்டபூர்வமாகச் சொல்வது. ஆகக்கூடிய காலம் ஐந்து வருடம். இதைத் தாக்கல் செய்யக்கூடியவர் லைசன்ஸ்ட் இன்சொல்வன்சி ட்ரஸ்டி எனப்படும் மத்திய அரசின் உரிமம் பெற்றவர். கணக்காளரான நானும் செய்ய முடியாது, சட்டத்தரணியும் செய்ய முடியாது, வானொலியில் "உங்கள் கடனைப் பாதியாக்குகிறோம்" என்று விளம்பரம் செய்கிற ஆலோசகரும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட ஆலோசகர் சிலர் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு கடைசியில் உங்களை ட்ரஸ்டியிடம்தான் கூட்டிப்போவார்கள். ட்ரஸ்டியின் கட்டணம் சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்டது, நீங்கள் கட்டும் மாதத் தொகைக்குள்ளிருந்தே எடுக்கப்படும். முதற் சந்திப்புக்குப் பெரும்பாலும் காசு இல்லை. முன்பணம் கேட்பவரிடம் "உங்களுடைய ட்ரஸ்டி உரிமம் எங்கே" என்று கேட்டுப்பாருங்கள்.

எங்கள் உதாரணத்துக்கு வருவோம். வீட்டை விற்று மோட்கேஜையும் செலவையும் கழித்தால் ஏறக்குறைய 20,000 மிஞ்சும். கடன்காரர் பார்க்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த மனிதர் திவாலானால் எங்களுக்கு என்ன கிடைக்கும், இவர் தருவது அதைவிடக் கூடவா? அதனால் ட்ரஸ்டி வீட்டின் மீதிப் பெறுமதி, வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் பார்த்து மாதம் 550 டொலர், 60 மாதம் என்று எழுதினார். மொத்தம் 33,000. 84,000 கடனுக்கு டொலருக்கு 39 சதம். தாக்கல் செய்த அன்றோடு வட்டி நின்றது. கடன் வசூலிப்போரின் அழைப்புகளும் சம்பளப் பிடிப்பும் சட்டப்படி நிற்க வேண்டும். கடன்காரருக்கு 45 நாள் அவகாசம். அதற்குள் கடன் தொகையில் கால்பங்குக்கு உரியவர்கள் கூட்டம் கேட்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். கேட்டால் வாக்கெடுப்பு, தொகைப்படி பெரும்பான்மை. வரித் திணைக்களமும் இதில் ஒரு கடன்காரர்தான், ஆனால் தாக்கல் செய்யாத வரிக்கணக்கு பாக்கியிருந்தால் அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதைச் செய்து கொடுத்ததுதான் இதில் என் பங்கு.

எல்லோருக்கும் இது பொருந்தாது. வீட்டின் பெறுமதியில் இருநூறாயிரம் மிஞ்சியிருப்பவருக்குக் கடன்காரர் சதம் குறைக்க மாட்டார்கள். கார்க் கடன், மோட்கேஜ் இரண்டும் வெளியே நிற்கும், அவற்றைத் தொடர்ந்து கட்ட வேண்டும். மூன்று மாதக் கட்டணம் பிந்தினால் புரபோசல் இரத்தாகி முழுக்கடனும் திரும்ப எழும்பும். இவருக்கு அட்டைகளுக்கும் சீட்டுக்கும் போன காசு நின்றதால்தான் 3,800 மோட்கேஜையும் 550ஐயும் சமாளிக்க முடிந்தது. அதுவும் முடியாதவர்கள் வீட்டை விற்பதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். அது இன்னொரு வெட்கம்.

ட்ரஸ்டியிடம் போகிற வழியில் அவர் காருக்குள் கேட்ட கேள்விகள் எல்லோரும் கேட்பவைதான். ஊருக்குத் தெரியுமோ? பத்திரிகையில் பெயர் வராது. மத்திய அரசின் பதிவேட்டில் இருக்கும், யாராவது கட்டணம் கட்டித் தேடினால் காணலாம், அப்படித் தேடுகிற சித்தப்பாவை நான் இன்னும் சந்திக்கவில்லை. குடியுரிமைக்கு, நிரந்தர வதிவிடத்துக்குப் பாதிப்பு வருமோ? இல்லை. தாயாரை ஸ்பொன்சர் செய்ய முடியாமல் போகுமோ? திவாலாகி அதிலிருந்து விடுவிக்கப்படாமல் இருப்பவர் ஸ்பொன்சர் செய்ய முடியாது. புரபோசல் செய்தவருக்கு அந்தத் தடை இல்லை. வருமானத் தகுதி வேறு விடயம். மனைவியின் கணக்கு? கடன் அவர் பெயரில் மட்டும் இருந்தால் மனைவியைத் தொடாது. ஆனால் கூட்டுக் கடன் என்றாலோ, மச்சான் உத்தரவாதக் கையெழுத்து வைத்திருந்தாலோ, கடன்காரர் மீதிக்கு அவர்களிடம் போவார். இதை முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லாமல் தாக்கல் செய்வது பெரிய துரோகமாக முடியும். கடன் தர அறிக்கையில் முடித்து மூன்று வருடம் வரை, அல்லது தாக்கல் செய்து ஆறு வருடம், எது முந்துகிறதோ அதுவரை அடையாளம் இருக்கும்.

அழைப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நித்திரையைக் கெடுப்பது அதுதான். ஒன்ராறியோ சட்டப்படி கடன் வசூல் நிறுவனம் திங்கள் முதல் சனிவரை காலை 7 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது, ஞாயிறில் பகல் 1 முதல் 5 வரைதான். ஒரு முறை உங்களுடன் பேசிய பிறகு, உங்கள் சம்மதமின்றி ஏழு நாளில் மூன்று தடவைக்கு மேல் தொடர்புகொள்ளக் கூடாது. "பொலிஸ் வரும்", "நாடு கடத்துவார்கள்" என்று சொன்னால் அது பொய். ஈழத்தில் பொலிஸ் என்றால் என்னவென்று பார்த்து வந்தவர்களுக்கு அந்தப் பொய் எப்படி வேலை செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடனட்டைக் கடனுக்குக் கனடாவில் மறியல் இல்லை.

மனைவிக்குச் சொல்வதுதான் கடினமான படி. ட்ரஸ்டி முழு வீட்டு வருமானத்தையும் செலவையும் கேட்பார், ஆகவே ஒளித்துச் செய்வது நடைமுறையில் சரிவராது. நான் அவருக்குச் சொன்னது: வாயால் தொடங்க வேண்டாம், ஒரு தாளில் நான்கு வரி எழுதி, கூட்டுத்தொகையையும் போட்டு மேசையில் வையுங்கள். அரைவாசியை மட்டும் சொல்லிவிட்டு மிச்சத்தைப் பிறகு சொல்லலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், இரண்டாம் தடவை சொல்லும்போதுதான் வீடு உடையும். அவர் வைத்தார். மனைவிக்குத் தொகையைவிட, இரண்டு வருடம் தபால் பெட்டிக்கு ஓடியதுதான் கோபம். அதன்பிறகு தன் கைப்பையிலிருந்து, அவருக்குத் தெரியாமல் வைத்திருந்த 3,200 டொலர் கடனட்டை அறிக்கையை எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தா.

வெட்கம் உயிரை மாய்க்கிற யோசனைவரை கொண்டுபோயிருந்தால் எந்த நேரத்திலும் 988க்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசுவார்கள். தமிழில் பேசக்கூடிய இடங்களை அறிய 211க்கு அழைத்து மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

சீட்டு அக்காவின் பெயரைப் பட்டியலில் எழுதுவதா என்பதில்தான் அவர் நெடுநேரம் நின்றார். எழுதத்தான் வேண்டும், எல்லாக் கடனும் எழுதப்பட வேண்டும். "முதல்ல அக்காவுக்குக் குடுத்திட்டுப் பிறகு தாக்கல் செய்வமே" என்று கேட்டார். ஒருவருக்கு மட்டும் முன்கூட்டிக் கொடுத்தால் ட்ரஸ்டி அதைக் கேட்பார், பின்னால் திவாலாக நேர்ந்தால் அந்தக் காசைத் திருப்பி எடுக்கவும் வழி உண்டு, அப்போது அக்காவுக்கு இன்னும் சங்கடம். உண்மையில் இந்த இடத்தில் சட்டம் எங்கள் வழக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. வங்கி 61 சதத்தை நட்டக் கணக்கில் எழுதிவிட்டுப் போகும். அக்காவோ மற்ற அங்கத்தவருக்குத் தன் கைக்காசைப் போட வேண்டும். இதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் உண்டு: புரபோசல் முடிந்த பிறகு, கட்டாயமில்லாமல், தானாக விரும்பி ஒருவருக்கு மீதியைக் கொடுப்பதைச் சட்டம் தடுக்காது.

ட்ரஸ்டியின் கடிதம் போய்ச் சேருமுன் அவரும் மனைவியும் அக்காவின் வீட்டுக்கு நேரே போனார்கள். அக்கா தேத்தண்ணி போடாமல் இருந்து கேட்டாவாம். ஏசினாவாம். கடைசியில், தன்னுடைய சீட்டில் இந்த வருடம் இப்படி வந்த மூன்றாவது ஆள் அவர் என்றும், மற்ற இரண்டு பேரும் தொலைபேசி இலக்கத்தை மாற்றிவிட்டார்கள் என்றும் சொன்னாவாம்.